சின்னக் கரப்பான் பெரியதன் குஞ்சா? சிறகைப் பாருங்கள்

சமையலறையில் ஒரு சின்னக் கரப்பானைப் பார்த்ததும், அது குளியலறையில் திரியும் பெரியதன் குஞ்சு என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். இந்த ஒரு தவறான அனுமானத்தால் மாதக்கணக்கில் மருந்தும் பணமும் வீணாகின்றன. சாக்கடை வாயில் மருந்து ஊற்றுகிறார்கள், மேன்ஹோல் மூடியைச் சுற்றிப் பொடி தூவுகிறார்கள். கிரைண்டருக்கு அடியில் இருப்பவையோ இருந்த இடத்திலேயே பெருகிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு தெளிவான படம் இருந்தால் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். படத்தில் எதை முதலில் பார்ப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகத் தென்படுபவை இரண்டு இனங்கள். பெரியது அமெரிக்கக் கரப்பான், பெரிப்ளனேட்டா அமெரிக்கானா. சின்னது ஜெர்மன் கரப்பான், பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா. பெயர்களை வைத்து ஊரைத் தேட வேண்டாம். அமெரிக்கக் கரப்பான் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறிப் பரவியது. ஜெர்மன் கரப்பானின் மரபணுக்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று, அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்தது என்று கண்டது. வயலிலும் சருகிலும் வாழ்ந்த ஒன்று மனிதக் குடியிருப்புக்குள் நுழைந்து, பிறகு வெளியே வாழும் வழக்கத்தையே விட்டுவிட்டது. இன்று மனிதர் கட்டிய கட்டடங்களுக்கு வெளியே அது தனித்து வாழ்வதாகத் தெரியவில்லை. பெரியதோ இன்றும் வெளியுலகப் பூச்சிதான். சாக்கடை, செப்டிக் டேங்க், மரப்பொந்து, ஈரமான குப்பை இவையே அதன் உண்மையான வீடு. நம் வீட்டுக்குள் அது வந்து போகிறது. படத்தில் இருப்பது எது என்று அறிவதால் கிடைக்கும் பயனெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

அளவிலிருந்து தொடங்கலாம். வளர்ந்த ஜெர்மன் கரப்பான் 12 முதல் 15 மி.மீ. நீளம் இருக்கும். வளர்ந்த அமெரிக்கக் கரப்பான் 35 முதல் 40 மி.மீ., சில அதற்கும் மேலே. எண்ணில் இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும் படத்தில் ஏமாறுகிறோம். கேமரா கிட்டப் போனால் சின்னது பூதாகரமாகத் தெரியும், எட்ட நின்று எடுத்தால் பெரியதும் பொடியாகிவிடும். பயத்தில் நெளியும் மீசையையும் சேர்த்து நீளமாகக் கணக்கிட்டுவிடுகிறோம். இரண்டு இனத்துக்கும் மீசை உடலளவு நீளம், சில சமயம் அதைவிடவும் நீளம். எனவே தலையின் முன்விளிம்பிலிருந்து வயிற்றின் நுனி வரைக்கும் மட்டுமே அளக்க வேண்டும். பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருப்பது அவசியம். 2011 வரிசையில் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 மி.மீ. நாணயமும் பூச்சியும் ஒரே தரையில், ஒரே தூரத்தில் இருக்க, கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுத்தால் அளவு கிடைத்துவிடும். சாய்வாக எடுத்த படத்தில் கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகிவிடும் என்பதால் அந்தக் கணக்கு நிற்காது.

ஆனாலும் அளவு மட்டும் போதாது. காரணம், பெரிய கரப்பானும் ஒரு காலத்தில் 13 மி.மீ. இருந்தது. அமெரிக்கக் கரப்பான் குஞ்சு பொரிந்ததிலிருந்து பத்து முதல் பதின்மூன்று முறை தோலுரித்த பிறகே முழு வளர்ச்சி அடைகிறது. அதற்குப் பல மாதங்கள் ஆகும், சில இடங்களில் ஓராண்டைத் தாண்டும். அந்த வழியில் ஏதோ ஒரு கட்டத்தில் அது சரியாக ஜெர்மன் கரப்பானின் அளவில் இருக்கும். படத்தில் ‘13 மி.மீ.’ என்று அளந்துவிட்டு நிறுத்தினால், அது வளர்ந்த சின்ன இனமா, வளராத பெரிய இனமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதற்கு விடை சிறகில் இருக்கிறது. கரப்பான்களுக்குக் கடைசித் தோலுரிப்பில்தான் முழுச் சிறகு வருகிறது. அதற்குப் பின் அவை வளர்வதில்லை. ஆகவே முதுகை முழுதாக மூடிய, வயிற்றின் நுனி வரை எட்டும் சிறகு படத்தில் தெரிந்தால் அந்தப் பூச்சி இனி பெரிதாகாது. 13 மி.மீ. நீளத்தில் முழுச் சிறகோடு இருப்பது பெரியதன் குஞ்சாக இருக்க முடியாது. அதே அளவில் சிறகே இல்லாமல், முதுகில் வயிற்று வளையங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கரப்பானின் குஞ்சு. வளர்ச்சியின் பிற்பகுதியில் தோளருகே சிறு மடிப்புபோல் சிறகு மொட்டுகள் தெரியும். அவற்றை முழுச் சிறகென்று எண்ணிவிடக் கூடாது. மொட்டு மார்பிலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே வயிற்று வளையங்கள் திறந்தே கிடக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முதுகில் குறுக்கு வரிகள் இருக்கின்றனவா, இல்லை நீளவாக்கில் நரம்போடிய வழவழப்பான பரப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். குறுக்கு வரி என்றால் வெறும் உடல். நரம்போடிய பரப்பு என்றால் சிறகு.

சிறகின் நீளம் இன்னொன்றையும் சொல்லும். அமெரிக்க ஆண் கரப்பானின் சிறகு வயிற்று நுனியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீண்டிருக்கும். பெண்ணுக்கு ஏறத்தாழ வயிற்றோடு நின்றுவிடும். புழுக்கமான இரவுகளில் இது பறந்து வந்து சுவரில் ஒட்டுவதை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜெர்மன் கரப்பானுக்கும் முழுச் சிறகு உண்டு, ஆனால் அது பறப்பதில்லை. அடுப்பு மேடையில் ஓடும், பறக்காது. சின்னதாக இருந்து, சன்னல் வழியாக விளக்கை நோக்கிப் பறந்து வந்திருந்தால் அது ஜெர்மன் கரப்பானாக இருக்க வாய்ப்பு குறைவு. அதன் நெருங்கிய உறவான ஆசியக் கரப்பான் அப்படி வரும். படத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது நிபுணருக்கே கடினம். படத்தைவிட அது வந்த விதம்தான் இங்கே உதவும்.

அடுத்தது அடையாளக் குறிகள். மேலிருந்து பார்த்தால் கரப்பானின் தலையை மூடியபடி கேடயம் போன்ற ஒரு தகடு இருக்கும். அதைக் கழுத்துத் தகடு என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் கரப்பானின் வெளிர்பழுப்புத் தகட்டில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடுகள் இணையாக ஓடும். இவை தெளிவானவை, நடுவில் வெளிர் இடைவெளி விட்டவை. அமெரிக்கக் கரப்பானின் உடல் செம்பழுப்பு. அதன் தகட்டின் ஓரத்தில் மஞ்சள் விளிம்பும், நடுவில் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் இரண்டு கரும்பழுப்புத் திட்டுகளும் இருக்கும். அங்கே கோடு என்று சொல்ல எதுவும் கிடையாது. இருட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் சிறகு பளபளத்து வெள்ளையடித்துவிடும், தகட்டின் குறிகளும் கரைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது.

குஞ்சுகளிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. ஜெர்மன் குஞ்சு கருமையானது. அதன் முதுகில் இரண்டு அகன்ற கருப்பட்டைகளும் நடுவில் ஒரு வெளிர் கோடும் முன்னிருந்து பின்னோக்கி ஓடும். அமெரிக்கக் குஞ்சுக்குப் பட்டையே இல்லை. பொரிந்த புதிதில் சாம்பல் கலந்த பழுப்பாகவும், வளர வளர ஒரே சீரான செம்பழுப்பாகவும் இருக்கும். வெள்ளைக் கரப்பான் என்று சிலர் படம் அனுப்புவார்கள். அது தனி இனம் இல்லை. அப்போதுதான் தோலுரித்த பூச்சி சில மணி நேரத்துக்கு வெளுத்திருக்கும், பிறகு கறுத்து இறுகிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்த்தால் விளங்கும். சென்னைப் புறநகரில் இரண்டாம் மாடிக் குடியிருப்பில் இருக்கும் என் சித்தி மகள் இரண்டு படங்களை அனுப்பி, “அண்ணா, பெருசு பாத்ரூம்ல இருக்கு, அதோட குட்டிங்க எல்லாம் கிச்சனுக்கு வந்துடுச்சு. பாத்ரூம் ஜாலியில ரெண்டு தடவ மருந்து ஊத்தியாச்சு, ஒண்ணும் கேக்கல” என்றாள். முதல் படத்தில் குளியலறைத் தரையில், நீர் போகும் ஜாலிக்கு அருகே ஒரு கரப்பான். நாணயம் வைக்கவில்லை, ஆனால் தேவையும் இல்லை. செம்பழுப்பு உடல், மஞ்சள் விளிம்பிட்ட தகடு, வயிற்றைத் தாண்டி நீண்ட சிறகு. வளர்ந்த அமெரிக்க ஆண்.

இரண்டாம் படம் அடுப்புக்குக் கீழுள்ள இழுப்பறை. சொன்னபடி பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தாள். திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாணயம் 33 மி.மீ., பூச்சி 20 மி.மீ. நாணயத்தின் உண்மையான அளவு 22 என்பதால், 20-ஐ 33-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 13 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ‘குட்டி’ என்ற அவளுடைய முடிவே நின்றிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தபோது சிறகு வயிற்று நுனி வரை மூடியிருந்தது. தகட்டில் இரண்டு கருங்கோடுகள் இருந்தன. எல்லாவற்றையும்விட, வயிற்றின் பின்புறத்திலிருந்து வெளிர்பழுப்பில் சின்னப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. முட்டைக்கூடு அது. குட்டி என்று நினைத்தது முட்டை சுமக்கும் தாய்.

அந்த முட்டைக்கூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு இனங்களின் வாழ்க்கையும் பிரியும் இடம் அதுதான். ஜெர்மன் பெண், கூட்டைக் குஞ்சு பொரியும் நேரம் வரை, சுமார் நான்கு வாரம், உடலோடு ஒட்டியே சுமக்கும். முட்டைகளுக்கு வேண்டிய ஈரம் தாயின் உடலிலிருந்தே போகிறது. முன்னதாகப் பிரித்தெடுத்தால் அவை காய்ந்துவிடும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். அமெரிக்கப் பெண் கூடு உருவான ஓரிரு நாளில் அதை எங்காவது ஒரு மூலையில் எச்சிலால் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதில் 14 முதல் 16 முட்டைகள்தான். ஆகவே பின்புறம் கூடு துருத்திய கரப்பானின் படம் கிடைத்தால் ஜெர்மன் என்ற சந்தேகம் வலுக்கிறது. பழைய அட்டைப்பெட்டியின் மடிப்பிலோ மர அலமாரியின் பின்பக்கத்திலோ கருத்த, தடித்த, 8 மி.மீ. அளவுள்ள கூடு ஒட்டியிருந்தால் அது பெரியதன் வேலை. ஒரு கூட்டுக்கு 35 என்று வைத்து, குஞ்சு முழு வளர்ச்சி அடைய இரண்டு மூன்று மாதம் போதும் என்றும் சேர்த்துப் பார்த்தால், சின்னது ஏன் ஒரே கோடையில் சமையலறையை நிறைக்கிறது என்பது விளங்கும்.

இப்போது அந்தப் படங்கள் எதைச் சுட்டுகின்றன என்று பார்ப்போம். குளியலறைப் படம் சொல்வது ஒரு வழி திறந்திருக்கிறது என்பதுதான். தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே ஒரு வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். நகானி ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்வது அதைத்தான். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கதவு. புழங்காத குளியலறையில் சில வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அது வற்றிவிடும். கதவு திறந்துகொள்ளும். என் சித்தி மகள் வீட்டிலும் விருந்தினர் குளியலறை அப்படித்தான் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரும், ஓட்டை சின்னதாக இருக்கும் புதிய ஜாலியும், வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுற்றிலும் பூசிய சிமென்டும் அந்தப் பக்கத்தைத் தீர்த்தன. ஒற்றைப் பெரிய கரப்பான், அதுவும் மழைக்குப் பின் சாக்கடையில் நீர் உயர்ந்த இரவில் வந்தால், வீட்டில் கூட்டம் இருக்கிறது என்று பொருளில்லை. ஆனால் சிறகில்லாத செம்பழுப்புக் குஞ்சுகளும் அடிக்கடி படத்தில் வந்தால், பக்கத்திலேயே எங்கோ அவை பெருகுகின்றன. பெரும்பாலும் உடைந்த மேன்ஹோல் மூடி, வலையில்லாத செப்டிக் டேங்க் காற்றுக்குழாய், மாடிப்படிக்குக் கீழே ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டிகள்.

இழுப்பறைப் படம் சொல்வது வேறு கதை. அந்தப் பூச்சி வெளியிலிருந்து வரவில்லை. யாரோ கொண்டுவந்தது. மளிகை வந்த அட்டைப்பெட்டி, பழையதாக விலைக்கு வாங்கிய ஃபிரிட்ஜ், உணவகத்திலிருந்து வந்த பாத்திரக் கூடை இப்படி ஏதோ ஒன்றின் இடுக்கில் முட்டை சுமக்கும் ஒரே ஒரு தாய் வந்தால் போதும். வந்த பிறகு தண்ணீரும் உணவும் கதகதப்பும் சில மீட்டர் தொலைவுக்குள் கிடைத்தால் அது அந்த இடத்தை விட்டு நகராது. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் பக்கம், அதன் கதவு ரப்பர் மடிப்பு, மிக்ஸியின் அடித்தட்டு, மாடுலர் கிச்சன் அலமாரியின் கீல் பொருத்திய குழி, காஸ் சிலிண்டர் வைக்கும் அடைப்பு இவைதான் அதன் இருப்பிடம். பகலில் எடுத்த படம் என்றால் கவலை கூடும். இரவில் திரியும் பூச்சி பகல் வெளிச்சத்தில் மேடையில் ஓடுகிறதென்றால், இடுக்குகளில் அதற்கு இடம் பற்றவில்லை.

எச்சமும் படத்தில் பேசும். இழுப்பறை மூலையில் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளும் கீலைச் சுற்றி மைபோல் கறையும் இருந்தால் சின்னது குடியிருக்கிறது. பெரியதன் எச்சம் உருளையாக, பக்கவாட்டில் வரிகளோடு இருக்கும். எலிப்புழுக்கை என்று பலர் தவறாக எண்ணுவது அதைத்தான். எலிப்புழுக்கையின் முனைகள் கூம்பியிருக்கும், அதில் இந்த வரிகள் இருக்காது.

மருந்தும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. சின்னதுக்கு ஸ்ப்ரே அடிப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். எதிரில் இருக்கும் நாலு சாகும், மற்றவை மருந்தின் வாடையில் கலைந்து அடுத்த அறைக்குப் போய்விடும். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம் போன்ற ஜெல் இரைகள் கிடைக்கின்றன. கீல் குழி, இழுப்பறைத் தடம், ஃபிரிட்ஜின் பின்புறம் என்று எச்சம் தெரிந்த இடங்களுக்கு அருகே 3 மி.மீ. அளவுப் புள்ளிகளாக நிறைய இடங்களில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் பெரிதாகப் பிதுக்கி வைப்பதால் பயனில்லை. குழந்தை கைக்கு எட்டாத இடுக்காக இருக்கட்டும். இரை வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ ஃபினாயிலோ பட்டால் பூச்சி அதைத் தொடாது. இரை வைத்தும் தின்னாமல் போவதுண்டு. இனிப்புக்காகச் சேர்த்த குளுக்கோஸைக் கசப்பாக உணரும் ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் உருவாகிவிட்டன என்பதை 1990-களில் கவனித்தார்கள். அது வாயுறுப்புகளின் சுவை நரம்பிலேயே நிகழ்ந்த மாற்றம் என்பதை 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைத்த புள்ளி ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் வேறு நிறுவனத்தின், வேறு மருந்துள்ள இரைக்கு மாற வேண்டும்.

இந்த இரண்டிலும் அடங்காத படங்களும் வரும். உடல் சின்னது, சிறகின் குறுக்கே வெளிர்ப்பட்டைகள், கழுத்துத் தகட்டில் நீளக் கோடு இல்லை என்றால் அது பட்டைக் கரப்பான், சூப்பெல்லா லாங்கிபால்பா. இதில் பெண்ணின் சிறகு வயிற்றை முழுதாக மூடாது. எனவே இங்கே சிறகு விதி சற்றுத் தடுமாறும், பட்டை திசையைத்தான் நம்ப வேண்டும். ஜெர்மனுக்குக் கோடு நீளவாக்கில், இதற்குப் பட்டை குறுக்குவாக்கில். இது ஈரத்தைத் தேடாது. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, டிவியின் பின்புறம், சுவர்க் கடிகாரத்தின் உள்ளே என்று உயரமான, உலர்ந்த இடங்களில் இருக்கும். சமையலறையில் மட்டும் ஜெல் வைத்தால் இது தப்பிவிடும். பெரிய உடலோடு சிறகின் தோளோரத்தில் பளிச்சென்று மஞ்சள் கோடு இருந்தால் ஆஸ்திரேலியக் கரப்பான். அதன் மூலம் பெரும்பாலும் பூந்தொட்டியும் சருகுக் குவியலும்.

சித்தி மகள் வீட்டில் இழுப்பறைகளைக் கழற்றிக் கீல் குழிகளில் ஜெல் வைத்தார்கள். அடுப்பின் கீழும் ஃபிரிட்ஜின் பின்னும் ஒட்டும் அட்டைகள் போட்டார்கள். அந்த அட்டைகளில் என்ன விழுகிறது என்பதை வாரம் ஒரு முறை படமெடுத்தார்கள். வளர்ந்தவை முதலில் குறைந்தன. பட்டையோடிய குஞ்சுகள் பிறகும் விழுந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிடக் கூடாது. தாய் சுமந்த கூடுகள் பொரியச் சுமார் நான்கு வாரம் ஆகும் என்பதால், இடையில் ஒரு தலைமுறைக் குஞ்சு வந்தே தீரும். அதுவும் இரையைத் தின்ன வேண்டும்.

பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடும் முன், நாணயத்தோடு நேர் மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்ளுங்கள். சிறகு நுனி வரை இருக்கிறதா, கழுத்துத் தகட்டில் இரண்டு கோடு இருக்கிறதா என்று அவரிடம் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமலே வீடு முழுக்க ஸ்ப்ரே அடிக்கலாம் என்று சொல்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.